நன்னெறிக்குத் தனிப் பாடவேளை வேண்டுமா, பாடத்துக்குள்ளேயே போதுமா?

செந்தூல் தந்தை | 5 ஜூலை 2025, இரவு 9.10

மகன் ஐந்தாம் ஆண்டு. நன்னெறிக் கல்வி பாடநூலில் உள்ள பதினான்கு பண்புகளையும் மூச்சு விடாமல் ஒப்பிக்கிறான். இறைவன் மீது நம்பிக்கையில் ஆரம்பித்து விட்டுக்கொடுக்கும் மனப்பான்மை வரைக்கும். ஒப்பித்து முடித்த கையோடு தங்கச்சி சாப்பாட்டைப் பிடுங்கித் தின்கிறான். எங்கள் காலத்தில் இந்தப் பாடமே கிடையாது. தமிழ் வாத்தியார் குறளும் ஆத்திசூடியும் சொல்லிக் கொடுத்தார், அதோடு சரி. கணிதம், அறிவியல், தமிழ் எல்லாவற்றிலும் கலந்து கொடுத்துவிட்டு இந்தத் தனி வேளையை எடுத்துவிட்டால் என்ன? ஆசிரியர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிறை ஆசிரியை | 5 ஜூலை 2025, இரவு 10.35

நான் பினாங்கில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டுக்குக் கணிதமும் நன்னெறியும் எடுக்கிறேன். ஒரே பிள்ளைகளை இரண்டு பாடத்திலும் பார்ப்பதால் உங்கள் கேள்வி எனக்குச் சொந்தக் கேள்வி மாதிரி.

எல்லாப் பாடத்திலும் கலப்பது என்பது புதிதாகச் செய்ய வேண்டியதில்லை. நாள் பாடத்திட்டத்தில் விரவிவரும் கூறுகள் என்று ஒரு கட்டம் இருக்கிறது. பண்பையும் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதாமல் பாடத்திட்டம் அனுப்ப முடியாது. அந்தக் கட்டத்தில் நானே என்ன எழுதியிருக்கிறேன் என்று இன்று மாலை எண்ணிப் பார்த்தேன். கடந்த நாற்பது கணிதப் பாடங்களில் ஊக்கமுடைமை 22 முறை, ஒத்துழைப்பு 13 முறை, மிதமான மனப்பான்மை 4 முறை, நேர்மை ஒரே ஒரு முறை. ஊக்கமுடைமை என்று எழுதிய நாட்களில் அதற்காகத் தனியாக நான் எதுவும் செய்யவில்லை. பிள்ளைகள் கணக்குப் போட்டார்கள், அவ்வளவுதான்.

அதனால் தனி வேளையை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எடுத்தால் மிஞ்சுவது அந்தக் கட்டம் மட்டும்தான்.

ஓய்வு, பிரிக்பீல்ட்ஸ் | 6 ஜூலை 2025, காலை 7.20

செந்தூல் தம்பிக்கு ஒரு திருத்தம். நீங்கள் எந்த ஆண்டு பள்ளிக்குப் போனீர்கள்? தொடக்கப்பள்ளிக்கு நன்னெறிக் கல்வி 1983-இல் புதிய கலைத்திட்டத்தோடு வந்துவிட்டது. முஸ்லிம் பிள்ளைகளுக்கு இஸ்லாமியக் கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி என்ற பிரிவும் அப்போதிருந்தே உண்டு.

டீச்சர் சொன்ன பயம் நியாயமானது, நாடே அதைச் செய்து பார்த்திருக்கிறது. 2005-இல் குடிமைக் கல்வியைத் தனிப் பாடமாகக் கொண்டுவந்தார்கள். நான் அப்போது ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருந்தேன். புத்தகம், கால அட்டவணை எல்லாம் தனி. பிறகு கலைத்திட்டம் மாறியபோது அந்தப் பாடம் மறைந்தது. 2019 ஜூனில் மறுபடியும் வந்தது, ஆனால் பாடமாக அல்ல. மாதத்தின் நான்காவது வாரத்தில் ஒரு மணி நேரம், மலாய், ஆங்கிலம், வரலாறு, நன்னெறி போன்ற பாடங்களுக்குள். அன்பு, மரியாதை, பொறுப்பு, மகிழ்ச்சி என்று நான்கே பண்புகள். ஒரே சரக்கை இரண்டு வழியிலும் விற்றுப் பார்த்தாகிவிட்டது.

செந்தூல் தந்தை | 6 ஜூலை 2025, காலை 8.05

1991-இல் ஒன்றாம் ஆண்டு ஐயா. நீங்கள் கேட்ட பிறகு யோசித்தால் நன்னெறிப் புத்தகம் ஒன்று இருந்தது ஞாபகம் வருகிறது. பாடம் நடந்தது மட்டும் ஞாபகம் இல்லை. அந்த வேளையில் வேறு பாடத்தை முடித்தார்கள் என்று நினைக்கிறேன்.

பிறை ஆசிரியை | 6 ஜூலை 2025, மதியம் 2.15

அது இன்றும் நடக்கிறது. சோதனை வரும் வாரத்தில் முதலில் காணாமல் போவது நன்னெறி வேளை. நானும் பின்னத்தை முடிக்க அந்த அரை மணி நேரத்தை எடுத்திருக்கிறேன், மறைக்க விரும்பவில்லை.

ஆனால் சொல்ல வந்தது வேறு. பள்ளிச் சந்தை நாளில் என் வகுப்பில் நடந்ததை அப்படியே எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

பிள்ளைகளை ஆறு ஆறு பேராகப் பிரித்துக் கடை போட வைத்தோம். கணிதத்தில் பணம் என்ற தலைப்புக்கு அது பயிற்சி. ஒரு குழு மீஹூன் கோரேங் விற்றது. மொத்தம் 60 பொட்டலம், ஒன்று 1 ரிங்கிட் 50 சென். சில்லறைக்காக முதலில் 20 ரிங்கிட் கொடுத்திருந்தேன். தட்டிலிருந்து ஒரு பொட்டலம் போனால் தாளில் ஒரு கோடு போட வேண்டும், ஐந்தாவது கோடு குறுக்கே. எல்லாம் விற்றால் 90, சில்லறைப் பணத்தோடு 110 ரிங்கிட் பெட்டியில் இருக்க வேண்டும்.

என்னிடம் வந்த கணக்கில் 56 பொட்டலம் விற்றது, 4 பொட்டலம் கெட்டுப்போனது, பெட்டியில் 104 ரிங்கிட் என்று இருந்தது. 56 பொட்டலத்துக்கு 84, அதோடு 20, சரியாக 104. முழுப் புள்ளி போட்டுவிட்டேன்.

வீட்டில் தாள்களை அடுக்கும்போதுதான் கவனித்தேன். கோட்டுத்தாளில் பதினொரு கட்டும் ஒரு கோடும் இருந்தன. அந்த ஒற்றைக் கோட்டின் பக்கத்தில் அழிப்பான் தேய்த்த அழுக்கு. வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் நான்கு கோடுகளின் தடம் தெரிந்தது. அறுபதும் விற்றிருக்கிறது.

படிவம் நான்கு அம்மா | 6 ஜூலை 2025, மாலை 4.50

என் மகளுக்கு அடுத்த வருடம் எஸ்.பி.எம். நன்னெறி மலாயில் எழுத வேண்டும். தமிழ்ப்பள்ளியில் தமிழில் படித்துவிட்டு அங்கே போய்த் திணறுகிறாள். டியூஷன் போடலாமா? நீங்கள் எல்லாம் தனி வேளை என்று பேசுவது டியூஷன் வேளையைத்தானே? அவளுடைய அக்கா காலத்தில் 36 பண்புக்கும் விளக்கத்தை வரி மாறாமல் மனப்பாடம் செய்தாள். ஒரு சொல் விட்டாலும் புள்ளி போகும் என்று அழுவாள்.

ஓய்வு, பிரிக்பீல்ட்ஸ் | 6 ஜூலை 2025, மாலை 6.30

அம்மா, இங்கே பேசுவது பள்ளிக் கால அட்டவணையைப் பற்றி. ஆனால் நீங்கள் சொன்னது இந்தப் பேச்சுக்கு அவசியம். 36 பண்பு இப்போது இல்லை, இடைநிலைப்பள்ளியில் 18 ஆகக் குறைத்துவிட்டார்கள். அக்காவின் பழைய குறிப்பைத் தங்கையிடம் கொடுத்துவிடாதீர்கள். அவளுக்கு மலாய் சொற்கள்தான் தடை என்றால் பதினெட்டுக்கும் தமிழ்ப் பெயரையும் மலாய்ப் பெயரையும் ஒரே தாளில் எழுதிக் கொடுங்கள். பெரும்பாலான பண்புகள் அவள் தமிழ்ப்பள்ளியிலேயே படித்தவைதான்.

தனிப் பாடமாக வைத்தால் சோதனை வரும். சோதனை வந்தால் விடைத்திட்டம் வரும். விடைத்திட்டத்துக்கு அளக்கத் தெரிந்தது சொல்லை மட்டும். அந்தப் பிள்ளை அழுததற்குக் காரணம் அதுதான்.

டீச்சர், மீதியை எழுதுங்கள்.

பிறை ஆசிரியை | 6 ஜூலை 2025, இரவு 9.55

அடுத்த நாள் குழுவைக் கூப்பிட்டேன். திட்டவில்லை. "கெட்டுப்போன நான்கு பொட்டலம் எங்கே?" என்று மட்டும் கேட்டேன். யாரும் பேசவில்லை. ஒரு பெண் அழ ஆரம்பித்தாள், பிறகு எல்லாம் வெளியே வந்தது.

உண்மையில் பெட்டியில் இருந்தது 103 ரிங்கிட் 50 சென். ஆறரை ரிங்கிட் குறைவு. கணக்கு ஒத்துவர வேண்டுமே என்று நான்கு பொட்டலத்தைக் கெட்டுப்போனதாக எழுதினால் ஆறு ரிங்கிட் சரியாகிவிடும் என்று ஒருவன் கண்டுபிடித்தான். மிச்சம் ஐம்பது சென்னை அந்தப் பெண் தன் கேண்டீன் காசிலிருந்து போட்டாள்.

குறைந்த பணம் எங்கே போனது என்று சேர்ந்து தேடினோம். ஒரு பொட்டலம் வாங்கியவர் ஐந்து ரிங்கிட் கொடுத்திருக்கிறார். கூட்டத்தில் அதைப் பத்து என்று நினைத்து மூன்றரைக்குப் பதில் எட்டரை ரிங்கிட் மிச்சம் கொடுத்துவிட்டான் ஒருவன். அது ஐந்து. மீதி ஒன்றரை ரிங்கிட், குழுவில் ஒரு பையன் சாப்பிட்ட பொட்டலம். காலையில் காசு கொண்டுவரவில்லை, பசி. கோட்டை மட்டும் ஒழுங்காகப் போட்டிருக்கிறான்.

யாரும் திருடவில்லை. ஒரு தவறும் ஒரு பசியும். பொய் வந்தது அதற்குப் பிறகு, கணக்குத் தாளில்.

இதே ஆறு பேரும் இரண்டு வாரத்துக்கு முன் நன்னெறி வேளையில் "கீழே கிடந்த பணத்தை என்ன செய்வாய்?" என்ற கேள்விக்கு அழகாகப் பதில் எழுதியவர்கள். நேர்மைக்கு நல்ல அடைவுநிலை போட்டிருந்தேன். மேல் நிலைகளுக்குப் பண்பு நடத்தையில் தெரிய வேண்டும். அரை மணி நேரத்தில் ஒரு தாளைப் பார்த்து நான் எந்த நடத்தையைப் பார்த்தேன்?

செந்தூல் தந்தை | 6 ஜூலை 2025, இரவு 10.20

அதைத்தான் நானும் சொல்கிறேன் டீச்சர். வகுப்பில் சொல்லிக் கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை. எங்கேயோ ஒரு ஆராய்ச்சியில்கூட நிரூபித்துவிட்டார்கள் என்று படித்தேன், அமெரிக்காவில், பழைய ஆராய்ச்சி.

ஓய்வு, பிரிக்பீல்ட்ஸ் | 7 ஜூலை 2025, காலை 6.50

பாதி சரி. ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 1920-களில் செய்தது. முடிவுகள் 1928 முதல் 1930 வரை வெளிவந்தன. ஏறத்தாழ 11,000 பிள்ளைகள். விடைத்தாளைத் தானே திருத்த வைத்தார்கள், விளையாட்டில் தன் புள்ளியைத் தானே எழுத வைத்தார்கள், பணம் கையாள வைத்தார்கள். பிள்ளைக்குத் தெரியாமல் அளந்தார்கள்.

இவன் நேர்மையானவன், இவன் இல்லை என்று பிள்ளைகளைப் பிரிக்க அவர்களால் முடியவில்லை. பரீட்சையில் ஏமாற்றியவன் பணத்திலும் ஏமாற்றுவான் என்று சொல்ல முடியவில்லை. நேர்மை என்றால் என்ன என்று நன்றாகச் சொல்லத் தெரிந்ததற்கும் நேர்மையாக நடந்ததற்கும் இருந்த தொடர்பும் மிகக் குறைவு. சூழ்நிலைதான் நிறையத் தீர்மானித்தது. ஆனால் பின்னால் அதே தரவுகளை மறுபடி ஆராய்ந்தவர்கள், சூழ்நிலையைத் தாண்டி ஓரளவு பொதுவான நேர்மையும் இருக்கிறது என்று காட்டினார்கள். சொல்லிக் கொடுப்பதே வீண் என்று அதிலிருந்து வராது. ஓர் இடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானாக நடந்து போகாது என்றுதான் வரும்.

டீச்சர், உங்கள் சூழ்நிலையில் என்ன இருந்தது என்று பார்த்தீர்களா?

பிறை ஆசிரியை | 7 ஜூலை 2025, இரவு 11.05

இந்தக் கேள்வி இன்று முழுவதும் கூடவே வந்தது. மதிப்பீட்டுத் தாளை எடுத்துப் பார்த்தேன். நானே தயாரித்த தாள். "பெட்டியில் உள்ள பணமும் கணக்கும் ஒத்திருந்தால் 10 புள்ளி. வேறுபாடு இருந்தால் 5 புள்ளி."

ஒத்துவரச் செய்யுங்கள் என்று நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். என் பாடத்துக்குள்ளேயே ஒரு பண்பு இருந்திருக்கிறது, விரவிவரும் கூறு என்ற கட்டத்தில் எழுதாத ஒன்று. குறைவை மறை என்பது.

இன்று தாளை மாற்றினேன். இருக்க வேண்டிய தொகை எவ்வளவு, எண்ணிய தொகை எவ்வளவு, வேறுபாடு எவ்வளவு என்று மூன்று வரி. வேறுபாடு பூஜ்யமாக இருந்தாலும் இருபது ரிங்கிட்டாக இருந்தாலும் அதே புள்ளிதான். வேறுபாடு ஏன் வந்திருக்கலாம் என்று எழுதினால் கூடுதல் புள்ளி. கோட்டுத்தாளைப் பேனாவால் எழுத வேண்டும், தவறு வந்தால் அழிக்காமல் ஒற்றைக் கோட்டால் அடிக்க வேண்டும். எண்ணும்போது குழுவில் இருவர், பக்கத்துக் குழுவில் ஒருவர். கடையிலும் வங்கியிலும் இப்படித்தானே செய்கிறார்கள்.

பசித்த பையனைப் பற்றித் தனியாகக் கவனித்துவிட்டோம். அதை இங்கே எழுத மாட்டேன்.

ஜார்ஜ்டவுன் அத்தா | 8 ஜூலை 2025, மாலை 5.40

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். எங்கள் பையனும் தமிழ்ப்பள்ளிதான். நன்னெறி வேளை வந்தால் அவனும் இன்னும் சிலரும் எழுந்து உஸ்தாஸிடம் போய்விடுவார்கள். ஐந்து முஸ்லிம் பிள்ளைகள் இருந்தால் இஸ்லாமியக் கல்வி நடத்த வேண்டும் என்பது சட்டம், நடக்கிறது, எங்களுக்கு அதில் சந்தோஷமே. உஸ்தாஸ் நேர்மையைப் பற்றி நன்றாகவே சொல்லித் தருகிறார்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். என் மகன் டீச்சரின் குழுவில் இருந்து, அந்த ஆறரை ரிங்கிட் பேச்சை நன்னெறி வேளையில் வைத்திருந்தால், அவன் அங்கே இருந்திருக்க மாட்டானே? தவறு சேர்ந்து செய்தது, பேச்சு மட்டும் பிரிந்து நடந்திருக்கும். வந்தவுடன் மற்ற பிள்ளைகள் "உன் பெயரும் வந்தது" என்பார்கள்.

பிறை ஆசிரியை | 8 ஜூலை 2025, இரவு 8.30

அத்தா, இதை நான் யோசிக்கவே இல்லை. இத்தனை வருடம் அந்தப் பிள்ளைகள் கதவைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். என் மீஹூன் குழுவில் அப்படி ஒரு பையன் இருக்கிறான். நல்லவேளை நான் கணித வேளையில் கூப்பிட்டேன். திட்டமிட்டு அல்ல, அன்று அதுதான் முதல் பாடம்.

5-ஆம் தேதி எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன். தனி வேளை போனால் வெறும் கட்டம்தான் மிஞ்சும் என்றேன். அது நான் கட்டத்தை நிரப்பும் விதத்தைப் பற்றிய உண்மை. கணிதத்துக்குள் பண்பு வேறு மாதிரியும் வாழ முடியும். கணக்கே நேர்மையைக் கேட்கும் இடத்தில் வைத்தால் தனியாக எதையும் ஒட்ட வேண்டியதில்லை.

ஓய்வு, பிரிக்பீல்ட்ஸ் | 9 ஜூலை 2025, காலை 7.00

முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். எல்லாப் பண்புக்கும் கணிதத்தில் இடம் கிடையாது. ஒரு பிள்ளை, பெரிய பையன் தினமும் காசு பிடுங்குகிறான் என்று சொல்ல வேண்டும் என்றால், அதற்கு அவசரமில்லாத ஒரு வேளை வேண்டும். பின்னம் முடிக்க வேண்டிய ஆசிரியரிடம் அதைச் சொல்ல மாட்டான்.

பிறை ஆசிரியை | 9 ஜூலை 2025, இரவு 9.20

உண்மை. போன வருடம் அப்படி ஒரு செய்தி என் காதுக்கு வந்தது நன்னெறி வேளையில்தான். துணிவு என்ற பண்பைப் பற்றிப் படம் வரைந்துகொண்டிருந்தார்கள். வரைந்துகொண்டே, தலை நிமிராமல் ஒரு பெண் சொன்னாள்.

இன்னொன்று. மீஹூன் கணக்கைத் தேடியதில் கணிதம் ஒரு வாரம் பின்தங்கியது. பக்கத்து வகுப்பு தசமத்துக்குப் போய்விட்டது.

பிறை ஆசிரியை | 16 ஆகஸ்ட் 2025, மாலை 3.45

இழை பழசாகிவிட்டது, ஆனாலும் எழுத வேண்டும். இரண்டாவது முறை கடை போட்டோம், ஐந்தாம் ஆண்டு மட்டும், ஓய்வு நேரத்தில். புதிய தாள்.

எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. கறிபாப் விற்ற குழுவில் பணம் அதிகமாக வந்தது. 50 கறிபாப், ஒன்று 80 சென், மொத்தம் 40 ரிங்கிட். சில்லறை 15. இருக்க வேண்டியது 55, எண்ணியது 57. குறைந்தால் முகம் வாடும் பிள்ளைகள், கூடினால் கைதட்டினார்கள். லாபம் என்றார்கள். "இந்த இரண்டு ரிங்கிட் யாருடையது?" என்று கேட்டேன். கைதட்டல் நின்றது. மூன்றாவது வரியில் "2 ரிங்கிட் அதிகம், யாருக்கோ மிச்சம் குறைவாகக் கொடுத்துவிட்டோம்" என்று எழுதினார்கள். நான் சொல்லித் தரவில்லை.

சபைகூடலில் அறிவித்தார்கள். இரண்டு பேர் வந்தார்கள்.

முதலாமவன் இரண்டாம் ஆண்டு. நான்கு கறிபாப் வாங்கிப் பத்து ரிங்கிட் கொடுத்ததாகவும் நாலு ரிங்கிட் எண்பது சென் திரும்பக் கிடைத்ததாகவும் சொன்னான். நான்குக்கு 3.20, மிச்சம் 6.80 வர வேண்டும். சரியாக இரண்டு குறைவு. இரண்டாமவன் நான்காம் ஆண்டு. இரண்டு கறிபாப் வாங்கி இரண்டு ரிங்கிட் கொடுத்தானாம். அவனுக்கு மிச்சமே நாற்பது சென்தான். இரண்டு ரிங்கிட் குறைய வழியில்லை. குழுவே கேள்வி கேட்டு, தாளில் போட்டுக் கண்டுபிடித்தது. சின்னவனுக்குப் பணம் போய்ச் சேர்ந்தது.

அதன் பிறகு என்னிடம் வந்தார்கள். "டீச்சர், அந்த நான்காம் ஆண்டுப் பையனிடம் என்ன சொல்வது? பொய் சொன்னாய் என்று சொல்லலாமா?"

கணிதம் அங்கே நின்றுவிட்டது. வழக்கமாக நன்னெறி வேளையில் பேசியிருப்பேன். குழுவில் இருவர் உஸ்தாஸ் வகுப்புக்குப் போகிறவர்கள். அத்தா சொன்னது ஞாபகம் வந்தது. வியாழக்கிழமை கணித வேளையில் கடைசிப் பதினைந்து நிமிடம் எடுத்தேன், எல்லோரையும் வைத்துக்கொண்டு.

ஒருத்தி ஆசிரியரிடம் சொல்லிவிடலாம் என்றாள். ஒருவன் சும்மா விட்டுவிடலாம் என்றான். மீஹூன் குழுவில் அழுத பெண் கை தூக்கினாள். "எங்களைக் கேட்ட மாதிரி கேளுங்கள். நீ பொய் சொன்னாய் என்று சொல்லாதீர்கள். கணக்கைக் காட்டி, உனக்கு எவ்வளவு வர வேண்டும் என்று அவனையே போடச் சொல்லுங்கள்."

செந்தூல் தந்தை | 16 ஆகஸ்ட் 2025, இரவு 8.15

போய்ச் சொன்னார்களா?

பிறை ஆசிரியை | 16 ஆகஸ்ட் 2025, இரவு 8.40

போனார்கள். தாளையும் பேனாவையும் கொடுத்தார்கள். அவன் கணக்கைப் போட்டான், நாற்பது சென் என்று எழுதினான், "மறந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டான். நாங்கள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று குழுவில் பாதிப் பேர் இன்னும் சொல்கிறார்கள். அடுத்த வியாழக்கிழமையும் பதினைந்து நிமிடம் கேட்டிருக்கிறார்கள். பின்னம் இன்னும் இரண்டு பக்கம் மீதம் இருக்கிறது.